ஒரு டிக் லாபமும் ஐந்து சதவீத கமிஷனும்: ஓடும் கிரிக்கெட் சந்தையில் ஸ்கால்பிங் கணக்கு

கேள்வி: "ஆட்டம் ஓடும்போது எக்ஸ்சேஞ்சில் ஒரு டிக், இரண்டு டிக் என்று ஸ்கால்பிங் செய்கிறேன். பத்தில் எட்டு ட்ரேடு லாபத்தில்தான் முடிகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. 5% கமிஷன்தான் இப்படித் தின்கிறதா? டிக் அளவுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா?"

கமிஷன் தின்கிறது, உண்மைதான். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் தின்னவில்லை. பெரும்பாலானவர்கள் ஒவ்வொரு குட்டி லாபத்திலிருந்தும் ஐந்து சதவீதம் போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் போனால் பெரிய பாதிப்பே இல்லை. நூறு ரூபாய் லாபத்தில் ஐந்து போனால் தொண்ணூற்றைந்து நிற்கும், அவ்வளவுதான். உங்கள் கையில் ஒன்றும் நிற்காததற்குக் காரணம் வேறு. ஜெயித்த சந்தைகளில் கமிஷன் எடுக்கிறார்கள், தோற்ற சந்தைகளில் எதையும் திருப்பித் தருவதில்லை. சின்னச் சின்ன விலை நகர்வில் லாபம் தேடுகிற ஸ்கால்பிங்கில் ஜெயிப்பும் தோல்வியும் ஏறக்குறைய ஒரே எடையில் இருக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே மிஞ்சுகிற மெல்லிய இடைவெளியில் கமிஷனின் பங்கு மிகப் பெரிதாகிவிடுகிறது.

இதைப் பெட்ஃபேர் என்ற பந்தய எக்ஸ்சேஞ்சின் முறையை வைத்தே சொல்கிறேன். மற்ற எக்ஸ்சேஞ்சுகள் பெரும்பாலும் அதே அச்சில் வார்த்தவை. இது சட்டப்படி அனுமதியுள்ள இடங்களில் இருப்பவர்களுக்கான கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்களைப் பவுண்டில் வைக்கிறேன்.

முதலில் டிக். ஒரு பவுண்ட் கட்டி ஜெயித்தால் மொத்தமாகத் திரும்பி வரும் தொகைதான் விலை. அந்த விலை ஏணியில் ஒரு படிதான் ஒரு டிக். ஆனால் படிகள் ஒரே உயரம் இல்லை. 1.01 முதல் 2 வரை ஒவ்வொரு படியும் 0.01. 2-இல் இருந்து 3 வரை 0.02. 3-இல் இருந்து 4 வரை 0.05. 4-இல் இருந்து 6 வரை 0.1, 6-இல் இருந்து 10 வரை 0.2, அதற்கு மேலே இன்னும் பெரிய படிகள். ஒரு விலையில் பேக் செய்து, அதாவது ஓர் அணி ஜெயிக்கும் என்று கட்டி, அதைவிடக் குறைந்த விலையில் லே செய்து, அதாவது அதே அணி ஜெயிக்காது என்று கட்டி, எந்த அணி ஜெயித்தாலும் ஒரே லாபம் வருமாறு சமப்படுத்தினால் கிடைப்பது இதுதான்:

```
லாபம் = பேக் தொகை × (B − L) / L
B = பேக் செய்த விலை, L = லே செய்த விலை
```

100 பவுண்டுக்கு ஒரு டிக் என்ன தருகிறது என்று போட்டுப் பாருங்கள். 1.50-இல் பேக், 1.49-இல் லே என்றால் 0.67. 1.99-இல் பேக், 1.98-இல் லே என்றால் 0.51. அதற்குச் சற்று மேலே, 2.02-இல் பேக், 2.00-இல் லே என்றால் 1.00. அதாவது 2.00 என்ற கோட்டைத் தாண்டியதும் ஒரு டிக்கின் மதிப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. 3.05-இல் பேக், 3.00-இல் லே என்றால் 1.67.

இதைப் பார்த்ததும் "அப்படியானால் இரண்டுக்கு மேலே போய் ஆடலாமே" என்று தோன்றும். ஆனால் படி பெரிதாக இருந்தால் விலை அந்தப் படியைக் கடப்பதும் அரிதாகத்தான் நடக்கும். 1.90 அருகே நான்கு முறை ஏறி இறங்குகிற அளவு ஆட்டம் 2.20 அருகே இரண்டு முறைதான் டிக் மாற்றும். இலவசமாக எதுவும் கிடைக்காது. உண்மையான ஆபத்து கோட்டுக்கு அருகே இருக்கிறது. சமமான டி20 ஆட்டத்தில் விலை 2.00-ஐச் சுற்றித்தான் வெகுநேரம் அலையும். அங்கே 200 பவுண்டை 1.99-இல் பேக் செய்கிறீர்கள். இரண்டு டிக் லாபம் அல்லது இரண்டு டிக் நஷ்டத்தில் வெளியேறுவது என்று விதி வைத்திருக்கிறீர்கள். லாபம் என்றால் 1.97-இல் லே, 2.03 பவுண்ட் கிடைக்கும். நஷ்டம் என்றால் மேல்நோக்கி முதல் டிக் 2.00, இரண்டாவது டிக் 2.02. அங்கே லே செய்தால் போவது 2.97 பவுண்ட். திரையில் இரண்டும் "இரண்டு டிக்" தான். பணத்தில் ஒன்றரை மடங்கு வித்தியாசம். நஷ்டத்தை டிக் எண்ணிக்கையில் எழுதி வைக்கிற எல்லாருக்கும் இந்த ஓட்டை இருக்கும். அதனால் விதியைப் பணத்தில் எழுதுங்கள், டிக்கில் எழுத வேண்டாம்.

இரண்டே முடிவுள்ள ஆட்டத்தில் ஒரு அணியைப் பேக் செய்வதும் மற்ற அணியை லே செய்வதும் ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த அணியின் ஏணியில் நின்று ஆடுகிறோம் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஓர் அணி 1.80-இல் இருந்தால் எதிரணி 2.25 பக்கம் இருக்கும். 1.80-இல் இருந்து 1.79 என்பது ஜெயிக்கும் வாய்ப்பில் 0.31 சதவீதப் புள்ளி நகர்வு. எதிரணியின் ஏணியில் 2.24-க்கும் 2.26-க்கும் நடுவே 0.40 புள்ளி. ஆகவே அங்கே ஃபேவரிட்டின் ஏணிதான் நுணுக்கமானது. ஆனால் ஃபேவரிட் 1.10-க்கு இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். 1.10-இல் இருந்து 1.09 என்பது 0.83 புள்ளி. எதிரணி 11-இல் இருந்து 11.5-க்குப் போவது 0.40 புள்ளிதான். கடைசி ஓவர்களில் ஃபேவரிட்டை வைத்து ஒரு டிக் தேடுகிறவர், தெரியாமலே இரண்டு மடங்கு பெரிய படிக்காகக் காத்திருக்கிறார்.

சரி, இப்போது ஆட்டம் ஓடும்போது ஒரு டிக் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். சேஸ் செய்யும் அணிக்கு 1.60-இல் பேக் செய்யலாம், 1.61-இல் லே செய்யலாம் என்று திரை காட்டுகிறது. ஸ்கால்பர் இந்த விலைகளை எடுக்கக் கூடாது. எடுத்தால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நடு இடைவெளியைக் கட்ட வேண்டும். ஒரு டிக் லாபம் பார்க்கவே சந்தை இரண்டு டிக் நகர வேண்டியிருக்கும். அதனால் அவர் 1.61-இல் பேக் ஆர்டரை வைத்துக் காத்திருப்பார். அது பொருந்தியதும் 1.60-இல் லே ஆர்டரை வைத்து மறுபடி காத்திருப்பார். 200 பவுண்டில் இரண்டும் பொருந்தினால் 1.25 பவுண்ட்.

இந்தக் காத்திருப்பில்தான் சிக்கல். ஒரே விலையில் நிற்கும் ஆர்டர்களுக்குள் முதலில் வந்தவருக்கே முதலிடம். 1.61-இல் ஏற்கெனவே 8,000 பவுண்ட் நிற்கிறது என்றால், உங்கள் 200 அதற்குப் பின்னால் நிற்கும். அந்த 8,000-மும் கரைந்தால்தான் உங்கள் முறை வரும். சாதாரண நேரத்தில் அது மெல்லத்தான் கரையும். எப்போது மடமடவென்று கரையும்? விக்கெட் விழுந்தால். சேஸ் செய்யும் அணியை லே செய்ய எல்லாரும் பாய்வார்கள், 1.61-இல் நின்ற அத்தனை பேக் ஆர்டரையும் துடைத்துக்கொண்டு விலை மேலே போய்விடும். உங்கள் ஆர்டரும் பொருந்திவிடும், நீங்கள் விரும்பாத நேரத்தில். அதாவது வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு ஆர்டர் பொருந்துவதே பல நேரம் கெட்ட செய்திதான். லாபம் தந்திருக்கக்கூடிய ஆர்டர்கள் பொருந்தாமலே போய்விடும், நஷ்டம் தருவது மட்டும் தவறாமல் பொருந்தும். உங்கள் பத்துக்கு எட்டு என்ற கணக்கில் இந்தப் பொருந்தாத ஆர்டர்கள் வருவதே இல்லை.

கால்பந்தில் கோல் விழுந்தால் சந்தையை நிறுத்தி, பொருந்தாமல் நிற்கும் ஆர்டர்களை நீக்கிவிடுவார்கள். கிரிக்கெட்டில் எந்த அணி ஜெயிக்கும் என்ற மேட்ச் ஆட்ஸ் சந்தையை விக்கெட்டுக்கு விக்கெட் நிறுத்துவதில்லை. நிற்கிற ஆர்டர் நின்றபடியே இருக்கும். அதைக் காப்பாற்ற ஒரே ஒரு ஏற்பாடு உண்டு: பந்தய தாமதம். ஆட்டம் ஓடும்போது யார் ஆர்டர் போட்டாலும் சில நொடிகள் கழித்துத்தான் அது சந்தைக்குள் நுழையும். எத்தனை நொடி என்பது சந்தைக்குச் சந்தை மாறும். ஏபிஐ வழியாகப் பார்ப்பவர்களுக்கு `betDelay` என்ற இடத்தில் தெரியும். 5 நொடி என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஆர்டரை ரத்து செய்வதற்கு இந்தத் தாமதம் கிடையாது. ஆகவே விக்கெட் விழுந்ததைக் கண்டு ஒருவர் உங்கள் ஆர்டரைப் பிடிக்கப் பாய்ந்தால், அவருடைய ஆர்டர் 5 நொடி காத்திருக்கும். அதற்குள் நீங்களும் விக்கெட்டைப் பார்த்து ரத்து செய்துவிட்டால் தப்பித்தீர்கள்.

இங்கேதான் உங்கள் ஒளிபரப்பு எவ்வளவு பிந்தி வருகிறது என்பது தலையெழுத்தை முடிவு செய்கிறது. மைதானத்தில் நடந்தது உங்கள் திரைக்கு 3 நொடியில் வந்தால் அந்த 5 நொடி உங்களுக்குக் காவல். இணைய ஒளிபரப்பில் 15, 20 நொடி பிந்தி வந்தால் அந்தக் காவல் உங்களுக்கு இல்லை. மைதானத்தில் உட்கார்ந்திருப்பவரும் வேகமான தரவு வாங்குகிறவரும் உங்கள் ஆர்டரை நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆட்டத்தையும் விலை ஏணியையும் அருகருகே வைத்துக்கொண்டு, எந்த ஆர்டரும் போடாமல் இரண்டு மூன்று ஓவர் பாருங்கள். பந்து வீச்சாளர் இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே விலை சடாரென்று குதிக்கிறதா? குதித்த நொடியில் இருந்து, அதற்குக் காரணமான பவுண்டரியோ விக்கெட்டோ திரையில் வரும்வரை எண்ணுங்கள். பாய்கிறவர்களின் ஆர்டரும் தாமதத்தைக் கடந்துதான் விலையை நகர்த்துகிறது. எனவே விலை குதித்த பிறகுதான் நிகழ்வு திரைக்கு வருகிறது என்றாலே நீங்கள் தாமதத்தைவிடப் பிந்தி இருக்கிறீர்கள் என்று பொருள். அந்த ஒளிபரப்பை வைத்துக்கொண்டு பந்து வீசும் நேரத்தில் ஆர்டரை நிற்க விடவே கூடாது.

அப்படியானால் எப்போது நிற்க விடலாம்? சர்வதேச டி20-இல் 20 ஓவரை 85 நிமிடத்தில் வீசி முடிக்க வேண்டும். அது சராசரியாக ஒரு பந்துக்கு 42.5 நொடி. ஒரு பந்து முடிந்து பந்து வீச்சாளர் அடுத்த பந்துக்கு ஓடத் தொடங்கும்வரை இருக்கும் நேரத்தில் உங்கள் ஒளிபரப்புத் தாமதத்தைக் கழியுங்கள், ஆர்டர் நுழையும் 5 நொடியைக் கழியுங்கள். வேகமான ஒளிபரப்பு உள்ளவருக்கே பத்துப் பதினைந்து நொடிதான் மிஞ்சும். அதற்குள் ஒரு பக்கம் பொருந்தி, மறுபக்கம் 5 நொடி கழித்து நுழைந்து, அதுவும் பொருந்த வேண்டும். ஓவர் மாறும்போது கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். ஐபிஎல்லில் இரண்டரை நிமிட ஸ்ட்ராடஜிக் டைம்-அவுட் இருக்கிறது, அப்போது விக்கெட் பயமே இல்லை. ஆனால் எல்லாரும் அப்போதுதான் வந்து வரிசையில் நிற்பார்கள், விலையும் அதிகம் அசையாது. டெஸ்டில் விலை மெல்ல நகரும் என்பதால் ஒரு டிக் ஆட்டத்துக்கு அது இடம் தரும், ஆனால் டிரா என்ற மூன்றாவது முடிவும் சேர்ந்துகொள்வதால் அதன் கணக்கே வேறு, இங்கே அதைத் தொடவில்லை.

இனி பணத்துக்கு வருவோம். ஒரு ஸ்கால்பர் பத்து டி20 ஆட்டங்களில் ஆடுகிறார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் 200 பவுண்ட். கணக்கு எளிதாக இருக்க, எல்லாம் 1.61-க்கும் 1.60-க்கும் நடுவே நடப்பதாகவே வைக்கிறேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் 20 முறை ஒரு டிக் எடுக்கிறார், அது 25 பவுண்ட்.

நல்ல ஆட்டங்கள் ஆறு. அவற்றில் நான்கு முறை மட்டும் விலை எதிராகப் போய் 1.63-இல் வெளியேறினார். ஒவ்வொன்றிலும் 2.45, மொத்தம் 9.82 பவுண்ட் போனது. மிச்சம் 15.18.

கெட்ட ஆட்டங்கள் நான்கு. அவற்றில் இரண்டு இரண்டு முறை விக்கெட்டில் மாட்டினார். 1.61-இல் பேக் பொருந்தியது, விலை 1.81-க்குக் குதித்தது, அங்கே லே செய்து வெளியே வந்தார். ஒரு விக்கெட்டுக்கு 22.10 பவுண்ட். 20 டிக் நகர்வு டி20 சேஸில் அதிசயமே இல்லை. இந்த ஒரு அடியை ஈடுகட்ட ஒரு டிக் லாபங்கள் பதினெட்டு வேண்டும் என்பதைக் கவனியுங்கள். இரண்டு விக்கெட்டுக்கு 44.20 போக, அந்த ஆட்டத்தில் 19.20 நஷ்டம்.

கூட்டுங்கள். ஆறு நல்ல ஆட்டங்களில் 91.08 வரவு. நான்கு கெட்ட ஆட்டங்களில் 76.80 செலவு. கமிஷனுக்கு முன் கையில் 14.28 பவுண்ட்.

கமிஷன் எதன் மீது? ஒவ்வொரு சந்தையிலும் முடிவில் நிற்கும் நிகர லாபத்தின் மீது. ஒரே ஆட்டத்துக்குள் நடந்த லாபமும் நஷ்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓர் ஆட்டத்தின் நஷ்டம் இன்னோர் ஆட்டத்தின் லாபத்தைக் கழிக்காது. ஆகவே 5% என்பது 14.28-க்கு இல்லை, 91.08-க்கு. அது 4.55 பவுண்ட். 14.28-இல் 4.55 என்பது ஏறக்குறைய 32 சதவீதம். உங்கள் கணக்கில் 5% என்று எழுதியிருக்கிறது, உண்மையில் கட்டுவது 32%.

இப்போது அந்த எட்டு விக்கெட் வெளியேற்றத்திலும் 1.81-க்குப் பதில் 1.82 கிடைத்தது என்று வையுங்கள். ஒரே ஒரு டிக் தள்ளி. விக்கெட் விழுந்த பரபரப்பில், 5 நொடித் தாமதத்தோடு வெளியேறும்போது ஒரு டிக் தள்ளிப் பொருந்துவது மிகச் சாதாரணம். ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் நஷ்டம். கமிஷனுக்கு முன் மிச்சம் 14.28-இல் இருந்து 6.48-க்கு இறங்கிவிடும். கமிஷனோ குறையவே குறையாது, அதே 4.55 தான், ஏனென்றால் நல்ல ஆட்டங்கள் மாறவில்லை. இப்போது கட்டுவது 70%. பத்து ஆட்டத்தில் 200 ஒரு டிக் வெற்றிகள் எடுத்தவர் கையில் 1.93 பவுண்ட் நிற்கிறது. "பத்தில் எட்டு ட்ரேடு லாபம், ஆனால் ஒன்றும் மிஞ்சவில்லை" என்று நீங்கள் சொல்வது இந்தப் படம்தான். பத்தில் ஒரு நல்ல ஆட்டம் கெட்டதாக மாறினால் நேராக நஷ்டம், அதற்கு மேலும் கமிஷன் கட்ட வேண்டியிருக்கும்.

இதற்கு ஒரு சூத்திரம் போதும்:

```
உண்மைக் கமிஷன் = c × W / (W − N)
c = கமிஷன் விகிதம்
W = லாபத்தில் முடிந்த சந்தைகளின் கூட்டுத்தொகை
N = நஷ்டத்தில் முடிந்த சந்தைகளின் கூட்டுத்தொகை
```

5% கமிஷனில், உங்கள் நஷ்டச் சந்தைகளின் கூட்டுத்தொகை லாபச் சந்தைகளின் 95 சதவீதத்தைத் தொட்டால் அத்தனையும் கமிஷனுக்கே. 75 சதவீதத்தில் இருந்தால் கட்டுவது 20%. 50 சதவீதத்தில் இருந்தால் 10%. நஷ்டச் சந்தையே இல்லாதவர் மட்டும்தான் எழுதியிருக்கிறபடி 5% கட்டுகிறார். 2008-இல் பெட்ஃபேர் கொண்டுவந்த பிரீமியம் சார்ஜ் கூட, கட்டிய கமிஷன் மொத்த லாபத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்த கணக்குகளைக் குறிவைத்துத்தான் வந்தது. அதாவது அபூர்வமாகவே தோற்கிறவர்களை. நம் கற்பனை ஸ்கால்பர் அந்த எல்லையை எப்போதோ தாண்டி, கேட்காமலே அதைவிட அதிகம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதிலிருந்து என்ன செய்வது என்பது தானாகவே வருகிறது. கமிஷன் விகிதம் எல்லாவற்றையும்விட முக்கியம். பிரிட்டனில் கணக்குக்கு எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து 2%, 5%, 8% என்று விகிதம் மாறும். அதிக விகிதத்துக்குச் சலுகைகள் தருவார்கள். மேலே சொன்ன முதல் உதாரணத்தில் 2% என்றால் கமிஷன் 1.82, அது 13%. 8% என்றால் 7.29, அது 51%. பெரிய லாபத்தை அரிதாகத் தேடுகிறவருக்குச் சலுகைகள் உபயோகமாக இருக்கலாம். ஸ்கால்பிங் செய்கிறவருக்கு மிகக் குறைந்த விகிதத்தைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது. உங்களுக்கு 2% கிடைக்கும் என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். கிடைக்காது என்றால் ஒரு டிக் ஆட்டத்தையே மறுபரிசீலனை செய்வது நல்லது என்பது என் எண்ணம்.

அப்புறம், ஒரே ஆட்டத்தில் மேட்ச் ஆட்ஸ், இன்னிங்ஸ் ரன், டாப் பேட்டர் என்று சிதறாதீர்கள். அவை தனித்தனிச் சந்தைகள். மேட்ச் ஆட்ஸில் 30 பவுண்ட் லாபம், இன்னிங்ஸ் ரன்னில் 25 நஷ்டம் என்றால் உங்களிடம் 5 தான் இருக்கிறது, ஆனால் கமிஷன் 30-க்கு எடுப்பார்கள். 1.50 போய்விடும், அதுவும் 30%. அந்த ஐம்பத்தைந்து பவுண்ட் ஏற்ற இறக்கமும் ஒரே சந்தைக்குள் நடந்திருந்தால் 0.25 பவுண்ட்தான் போயிருக்கும்.

நேரடி எக்ஸ்சேஞ்ச் கணக்கு இல்லாமல் இடைத்தரகர் வழியாக ஆடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் சந்தையின் நிகர லாபத்துக்குப் பதிலாக ஜெயித்த ஒவ்வொரு பந்தயத்தின் மீதும் கமிஷன் எடுப்பார்கள். 200 பவுண்டை 1.61-இல் பேக் செய்து 1.60-இல் லே செய்தீர்கள், அணி ஜெயித்தது. உங்கள் பேக் பந்தயம் மட்டும் பார்த்தால் 122 பவுண்ட் வென்றிருக்கிறது. அதன் மீது 2% எடுத்தாலே 2.44. நீங்கள் சம்பாதித்ததோ 1.25. அணி தோற்றாலும் தப்பிக்க முடியாது, ஏனென்றால் அப்போது லே பந்தயம் 201.25 வென்றிருக்கும், அதில் 2% என்றால் 4 பவுண்டுக்கு மேல். எத்தனை சரியாக ஆடினாலும் அங்கே ஒரு டிக் ஸ்கால்பிங் நிச்சய நஷ்டம். விதிகளில் கமிஷன் எதன் மீது என்ற ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் முதல் ஆர்டரைப் போட வேண்டும்.

ஒவ்வொரு சுற்றிலும் லாபத்தை இரு அணிக்கும் சமப்படுத்த வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். தேவையில்லை. 200-ஐ 1.61-இல் பேக், அதே 200-ஐ 1.60-இல் லே என்று விட்டால் அந்த அணி ஜெயித்தால் 2 பவுண்ட், தோற்றால் பூஜ்யம். சுற்றுகள் சேர்ந்துகொண்டே வரட்டும், கடைசியில் ஒரு முறை சமப்படுத்தினால் போதும். கமிஷனில் இதனால் எந்த நன்மையும் தீமையும் இல்லை, ஆர்டர்களின் எண்ணிக்கை மட்டும் குறையும்.

என்னைக் கேட்டால், கையால் ஆர்டர் போட்டுத் தொலைக்காட்சி பார்த்து ஆடுகிறவருக்கு டி20-இல் ஒரு டிக் என்பது தவறான இலக்கு. காரணம், லாபம் ஒரு டிக்கோடு நின்றுவிடுகிறது, விக்கெட்டுக்கு அந்த எல்லை இல்லை. மூன்று முதல் ஆறு டிக் வரை நகரக்கூடிய இடங்களை மட்டும் தேடினால், ஓர் ஆட்டத்தில் இருபது முறைக்குப் பதில் நான்கைந்து முறைதான் விலைக்குள் இருப்பீர்கள். பந்து வீசும்போது ஆர்டர் அம்பலமாக நிற்கும் நேரமும் அந்த அளவுக்குக் குறையும். ஆரம்ப ஓவர்களில் ஒரு நல்ல ஓவர் முடிந்ததும் அளவுக்கு மீறி இறங்கிய விலை அடுத்த ஓவரின் முதல் பந்து டாட் ஆனதும் திரும்புவது மாதிரியான இடங்கள். அவையும் எப்போதும் பலிக்காது. ஆனால் பலித்தால் பலன் 200 பவுண்டுக்கு ஏறக்குறைய நான்கு முதல் எட்டு பவுண்ட் வரை. விக்கெட் ஒன்றை ஈடுகட்டப் பதினெட்டு வெற்றிகள் வேண்டாம், ஐந்தாறு போதும்.

இப்போது உங்கள் சொந்தக் கணக்கை எடுங்கள். கடந்த முப்பது, நாற்பது சந்தைகளின் லாப நஷ்டத்தைப் பதிவிறக்கம் செய்து, கமிஷனுக்கு முன்னான தொகைகளை மட்டும் எடுத்து, லாபத்தில் முடிந்தவற்றை ஒரு பக்கமும் நஷ்டத்தில் முடிந்தவற்றை இன்னொரு பக்கமும் கூட்டுங்கள். W − N என்பதே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் பிரச்சினை கமிஷன் இல்லை, மாட்டிக்கொள்ளும் விக்கெட்டுகள்தான். அப்போது ஒளிபரப்புத் தாமதத்தை அளந்து பார்ப்பதில் இருந்து தொடங்குங்கள். W − N நேர்மறையாக இருந்து, உண்மைக் கமிஷன் 30 சதவீதத்துக்கு மேல் வந்தால், விகிதத்தைக் குறைப்பதும் சந்தைகளை ஒன்றாகக் குவிப்பதும் முதல் வேலை. நஷ்டச் சந்தைகள் ஒவ்வொன்றிலும் எத்தனை ட்ரேடு அந்த நஷ்டத்தைத் தந்தது என்றும் பாருங்கள். ஒன்று அல்லது இரண்டு ட்ரேடுதான் என்றால், அவை பொருந்திய நேரத்தையும் ஸ்கோர் கார்டில் விக்கெட் விழுந்த பந்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஆர்டரை எந்த நேரத்தில் நிற்க விட்டிருக்கிறீர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.